மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏன் தியேட்டருக்கு? திசு அழுகல் தொற்று பற்றி வீட்டார் கேட்கும் கேள்விகள்

மலையகத்தில் சத்திரசிகிச்சை வார்டில் வேலை செய்யும் வைத்தியன் நான். லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இங்கே உள்ள கேள்விகள் எல்லாம் வார்டு வாசலிலும் தியேட்டர் கதவுக்கு வெளியிலும் நோயாளியின் வீட்டார் என்னிடம் கேட்டவை. அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். இடையில் வரும் நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"சின்ன வெட்டுக்காயம்தான் டொக்டர். சீழ் வச்சிருக்குன்னு நெனச்சோம். இது வேற ஏதோன்னு சொல்றீங்களே?"

ஆட்டை உரிக்கும்போது பார்த்திருப்பீர்கள், தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சவ்வு இருக்கும். நமது காலிலும் கையிலும் அதே மாதிரி ஒன்று தசையைச் சுற்றி மூடியிருக்கிறது. சாதாரணச் சீழ்க்கட்டியில் கிருமி ஒரே இடத்தில் தேங்கும், உடல் அதைச் சுற்றி வேலி போட்டுவிடும். இந்த நோயில் கிருமி அந்த வெள்ளைச் சவ்வு வழியாகப் பரவுகிறது. சவ்வில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. மேலே தோல் கொஞ்சம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். அடியில் சவ்வும் கொழுப்பும் முழங்கால் தாண்டி அழுகிப்போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் இதை 'நெக்ரோடைசிங் ஃபேஸியைட்டிஸ்' என்பார்கள். தசையும் சேர்ந்து அழுகுவது போன்ற இதன் மற்ற வகைகளையும் சேர்த்துத் 'திசு அழுகல் தொற்று' என்று சொல்லலாம். பெயர் எதுவானாலும் உள்ளே திசு செத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பின் அளவை வைத்து இந்த நோயை அளக்கப் போனால் ஏமாந்துவிடுவோம்.

"பெரிய ஊசி மருந்து ஏத்துறீங்கதானே. ரெண்டு நாள் பாத்துட்டு, கேக்கலைன்னா வெட்டலாமே?"

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பே இல்லை. சாதாரணத் தொற்றில் நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

தோட்டத்தில் தண்ணீர் எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். மேலே ஊற்றுக்குப் பக்கத்தில் தொட்டி, அங்கிருந்து பைப், பைப்பிலிருந்து லயத்துக்கு லயம் குழாய். தொட்டியில் குளோரின் போட்டால் கடைசி வீடு வரைக்கும் அது வந்து சேரும். நடுவில் பைப் அடைத்துப்போனால்? தொட்டியில் எத்தனை மடங்கு குளோரின் கொட்டினாலும் கடைசி வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு வராது.

ஊசி மருந்தும் இரத்தத்தில் கலந்து இரத்தக்குழாய் வழியாகத்தான் காயத்துக்குப் போகிறது. வேறு வழி கிடையாது. இந்தக் கிருமிகள் கக்கும் நஞ்சினால் சவ்வைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் சிறு குழாய்கள் உள்ளுக்குள் உறைந்து அடைத்துவிடுகின்றன. அதனால்தான் அந்தப் பகுதி செத்துப்போகிறது. கிருமி அடர்ந்து கிடப்பதும் அங்கேதான். ஆக, மருந்து எங்கே அதிகம் வேண்டுமோ அங்கே போக வழியில்லாமல் நிற்கிறது. கையில் ஏறும் மருந்து இதயம், சிறுநீரகம், நல்ல கால் என்று எல்லா இடத்துக்கும் போகும், இந்த ஒரு இடத்தைத் தவிர.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே இருக்கும் கிருமி முழுவதையும் மருந்து கொன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செத்த திசு உயிர் பெறாது. அது உள்ளே கிடந்து அழுகும், அதன் நஞ்சு விளிம்பிலுள்ள இரத்தக்குழாய்கள் வழியாக உடம்புக்குள் கசியும், பிரஷர் இறங்கும், சிறுநீர் குறையும். நாங்கள் வெட்டி எடுப்பது இந்தச் செத்த பகுதியைத்தான். உயிருள்ளதை வெட்ட எங்களுக்கு விருப்பம் இல்லை.

இரண்டு நாள் பொறுப்பது பற்றி: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2020இல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தவர்களில் 100 பேரில் ஏறக்குறைய 19 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவர்களில் ஏறக்குறைய 32 பேர். மருந்து இரு பக்கத்தாருக்கும் வழக்கமாகக் கொடுப்பதுதான்.

"எங்க அண்ணனுக்கு இப்போ காய்ச்சல் விட்டுருச்சு. மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

இந்தக் கேள்வியைக் கேட்ட குடும்பத்தின் கதையையே சொல்கிறேன். நோய் எப்படி நம்மை ஏமாற்றும் என்பது அதில் தெரியும்.

அவருக்கு 54 வயது. கவாத்து வெட்டுகிறவர். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர், ஒழுங்காக எடுப்பதில்லை. திங்கட்கிழமை கவாத்துக் கத்தி இடது முன்னங்காலில் கீறிவிட்டது. துணியால் கட்டிக்கொண்டு வேலையை முடித்தார். செவ்வாய் இரவு கால் வலியில் தூக்கமே இல்லை. காயத்தைப் பார்த்தால் ஒரு விரல் நீளம், அவ்வளவுதான். பனடோல் போட்டார், கடையில் வாங்கிய டைக்ளோஃபெனக்கும் போட்டார். வலி கொஞ்சம் அடங்கியது. புதன்கிழமை தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்டிபயோட்டிக் கெப்சூல் கிடைத்தது. வியாழன் விடியற்காலை, ஆளைத் தூக்கித்தான் முச்சக்கரவண்டியில் ஏற்றவேண்டியிருந்தது.

எங்களிடம் வந்தபோது நாடி நிமிடத்துக்கு 128. பிரஷர் 90/60. சீனி 380. சிவப்பு உள்ளங்கை அளவுதான். ஆனால் முழங்காலுக்கு மேலே, தோல் பார்க்க நன்றாக இருந்த இடத்தைத் தொட்டால்கூடக் கத்தினார். கால் பலகை மாதிரி விறைத்திருந்தது. காயத்துக்குப் பக்கத்தில் இரண்டு கொப்புளம், அவற்றின் நடுவே நீலம் பாய்ந்த ஒரு திட்டு. அந்தத் திட்டில் ஊசி முனையால் தொட்டேன். "ஒன்னும் தெரியல்லை தம்பி" என்றார். சுற்றிலும் உயிர் போகிற வலி, நடுவில் உணர்வே இல்லை. அங்கே நரம்பும் செத்துவிட்டது.

இரத்தம் எடுத்து, சேலைன் வேகமாக ஓடவிட்டு, முக்கால் மணித்தியாலத்துக்குள் மெரோபெனம் 1 கிராமும் கிளிண்டமைசின் 900 மில்லிகிராமும் ஏற்றினோம். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் 9 மணி என்று எழுதினேன். 10 மணிக்கு வீக்கம் கோட்டை இரண்டு விரற்கடை தாண்டியிருந்தது. அதே நேரம் பரசிற்றமோல் கொடுத்திருந்ததால் காய்ச்சல் இறங்கியிருந்தது. தங்கச்சி வந்து, "காய்ச்சல் விட்டுருச்சே, வெட்டாம இருக்கலாமா" என்று அழுதார். காய்ச்சல் இறங்கினாலும் நாடி இறங்கவில்லை, சிறுநீர்ப் பையில் ஒரு மணித்தியாலத்தில் 15 மில்லிலீட்டர்தான் சேர்ந்திருந்தது. கோடு போட்ட காலைக் காட்டினேன். அவருக்கே புரிந்தது, கையெழுத்துப் போட்டார்.

தியேட்டரில் தோலைக் கீறியபோது இரத்தம் வரவில்லை. சீழும் வரவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ ஒழுகியது. வெள்ளையாக மினுங்க வேண்டிய சவ்வு ஊறிய காகிதம் போல மங்கிக் கிடந்தது. நல்ல காலில் சவ்வும் கொழுப்பும் ஒட்டிப் பிடித்திருக்கும், விரலை விட்டுப் பிரிக்க முடியாது. இவருக்கு என் விரல் தடையில்லாமல் முழங்காலைத் தாண்டிப் போனது. விரல் எங்கே நிற்கிறதோ, வெட்டினால் எங்கே சிவப்பாக இரத்தம் கசிகிறதோ, அங்கே வந்துதான் நிறுத்தினோம். கணுக்காலிலிருந்து தொடையின் பாதி வரை.

"அப்போ வெட்டினாலே போதுமே. எதுக்கு இவ்வளவு மருந்து?"

விளிம்புக்காகத்தான். நாங்கள் நிறுத்திய இடத்துக்கு அப்பால் திசு உயிரோடு இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது, ஆனால் கிருமி ஏற்கெனவே அங்கே எட்டிப் பார்த்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்கக் கத்தியால் முடியாது. மருந்து அங்கே போகும், ஏனென்றால் குழாய் திறந்திருக்கிறது. இரத்தத்தில் கலந்துவிட்ட கிருமிக்கும் மருந்துதான் மறுமொழி. வெட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் செத்த பகுதி அப்படியே கிடக்கும். மருந்தில்லாமல் வெட்டினால் விளிம்பில் இன்று இருப்பது நாளைக்குச் செத்துப்போகும். அதனால்தான் சந்தேகம் வந்த உடனே மருந்தைத் தொடங்கிவிட்டு, அது ஏறும்போதே தியேட்டரைத் தயார் செய்கிறோம்.

எல்லாவற்றையும் பிடிக்கும் மருந்தாக ஏன் தொடங்குகிறோம் என்றால், முதல் நாள் எந்தக் கிருமி என்று யாருக்கும் தெரியாது. வேறு நோய் எதுவும் இல்லாமல் நல்லாக இருந்த ஒருவரின் காலில் 'ஸ்ட்ரெப்டோகொக்கஸ்' என்ற ஒரே கிருமி இவ்வளவும் செய்யும். சீனி வருத்தக்காரருக்கு, அதிலும் இடுப்புக்குக் கீழே மறைவிடத்தில் வந்தால், குடலில் வாழும் கிருமிகளும் காற்றில்லாமல் வளரும் கிருமிகளும் கூட்டாக இருக்கும். காயத்திலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பதில் வர இரண்டு மூன்று நாள் போகும். அதுவரை யாரையும் விட்டுவைக்க முடியாது. மெரோபெனம், அல்லது பிப்பரசிலினும் டசோபக்டமும் சேர்ந்த மருந்து, பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்கு அசையாத எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வான்கோமைசின், கூடவே கிளிண்டமைசின்.

"மெரோபெனம்தான் பெரிய மருந்துன்னு நர்ஸ் சொன்னாங்க. பிறகு எதுக்கு இந்தக் கிளிண்டமைசின்? அது முகப்பருவுக்குப் பூசுறதாச்சே?"

அதே மருந்துதான். முகத்துக்குப் பூசும்போது ஒரு வேலை, இங்கே வேறு வேலை.

பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் (மெரோபெனமும் அதன் உறவுதான்) கிருமி பெருகும்போது கட்டும் சுவரைக் கெடுக்கின்றன. சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கெடுக்க முடியும். கிருமி சில ஆயிரமாக இருக்கும்போது எல்லாம் பெருகிக்கொண்டிருக்கும், மருந்து நன்றாக வேலை செய்யும். கோடிக்கணக்கில் நெருக்கிக்கொண்டு, உணவும் குறைந்து கிடக்கும்போது கிருமிகள் பெருகுவதை நிறுத்திவிடும். சுவர் வேலை நின்றுவிட்டது. பெனிசிலினுக்குக் கெடுக்க ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஹாரி ஈகிள் என்ற ஆய்வாளர் இதை எலிகளில் கண்டு 1952இல் எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம், 'ஈகிள் விளைவு' என்று.

கிளிண்டமைசின் சுவர் பக்கமே போவதில்லை. கிருமிக்குள் புரதம் செய்யும் பட்டறைக்குள் போய் அதை நிறுத்துகிறது. கிருமி பெருகுகிறதா, சும்மா இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கக்கும் நஞ்சுகளும் புரதங்கள்தான். பட்டறை நின்றால் கிருமி சாவதற்கு முன்பே நஞ்சு உற்பத்தி நின்றுவிடும். இரத்தக்குழாயை அடைப்பதும், பிரஷரைத் தள்ளி விடுவதும் அந்த நஞ்சுகள்தான் என்பதால் இது சின்ன உதவி இல்லை. 1988இல் டெனிஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எலிகளின் தசையில் இந்தக் கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். 2 மணித்தியாலம் தாமதித்துக் கொடுத்தாலே பெனிசிலினால் பலன் இல்லாமல் போனது. கிளிண்டமைசினைப் 16 மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்துக் கொடுத்தும் பெரும்பாலான எலிகள் பிழைத்தன.

எலி வேறு, மனிதன் வேறு. மனிதரில் நமக்கு இருப்பது பெரும்பாலும் நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள். அவற்றிலும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கடுமையாகத் தாக்கியவர்களில் கிளிண்டமைசின் சேர்த்துப் பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். நான் அதை நம்பிக் கொடுக்கிறேன்.

"நஞ்சையே நிறுத்துற மருந்துன்னா, அது இருக்கும்போது வெட்டுறது எதுக்கு?"

இதுவும் அதே பைப்பில்தான் வரவேண்டும். அடைத்துப்போன இடத்துக்குக் கிளிண்டமைசினாலும் போக முடியாது. அது புதிய நஞ்சு உருவாவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே கக்கிய நஞ்சைத் திரும்ப எடுக்காது. அழுகிய சவ்வைக் கரைத்து வெளியேற்றவும் செய்யாது.

தனியாகக் கொடுப்பதும் ஆபத்து. குடலில் வாழும் கிருமிகள் பலவற்றை அது தொடவே தொடாது. சில ஸ்ட்ரெப்டோகொக்கஸ், ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமிகள் அதற்கு அசைவதில்லை. அதனால்தான் எப்போதும் கூட்டாளியோடு. ஃபார்மசியில் கெப்சூலாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். கெப்சூல் போட்டுக் காத்திருக்கும் நேரம் முழுவதும் அந்தக் கோடு நகர்ந்துகொண்டிருக்கும்.

"ஸ்கேன் எடுத்து உறுதியா தெரிஞ்ச பிறகு வெட்டினா என்ன?"

ஸ்கேன் உடனே கிடைத்தால், ஆள் நிலையாக இருந்தால் எடுக்கலாம். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை எண்களைக் கூட்டிப் புள்ளி போடும் முறை ஒன்றும் உண்டு. புள்ளி குறைவாக இருந்தும் நோய் இருந்தவர்கள் நிறையப் பேர். உறுதி தெரிவது விரலை உள்ளே விட்டுப் பார்க்கும்போதுதான். சந்தேகம் பலமாக இருந்தால் சின்னதாகக் கீறிப் பார்ப்போம். சவ்வு நன்றாக இருந்தால் தைத்துவிட்டு வந்துவிடலாம். தழும்பு ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான்.

"ஒரு தடவை வெட்டினீங்க. நாளைக்கும் தியேட்டர்னு சொல்றீங்க. முதல்ல சரியா வெட்டலையா?"

முதல் தடவை உயிருள்ள விளிம்பு வரை வெட்டினோம். அந்த விளிம்பில் சில குழாய்கள் பாதி அடைத்த நிலையில் இருந்திருக்கும். இரவுக்குள் சில திறந்துகொள்ளும், சில மூடிவிடும். எது எப்படிப் போகும் என்று முதல் நாள் யாராலும் சொல்ல முடியாது. அதனால் காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்து, 24 முதல் 36 மணித்தியாலத்துக்குள் மறுபடி பார்ப்பது வழக்கம். வெட்ட ஒன்றும் இல்லை என்று ஆகும் வரை இப்படித்தான்.

கவாத்துக்காரருக்கு வெள்ளிக்கிழமை தொடைப் பக்கம் மூன்று விரற்கடை அகலத்தில் ஒரு பட்டை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தபோது எல்லாம் சிவப்பாக, தொட்டால் இரத்தம் கசிந்தது.

"காலையே எடுத்துருவாங்களா?"

சில பேருக்கு எடுக்கத்தான் வேண்டியிருக்கும். தசையே செத்திருந்தால், மூட்டுக்குள் போயிருந்தால், ஆள் சாகும் நிலையில் இருந்தால் காலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும். பெரும்பாலும் தோலையும் சவ்வையும் எடுப்பதோடு நின்றுவிடும். கையெழுத்துக் கேட்கும்போது இரண்டையும் சொல்லித்தான் கேட்போம். காலுக்குப் பயந்து ஒரு நாள் தள்ளிப்போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தசைக்குள் போக நோய்க்கு அந்த ஒரு நாள் போதும்.

"இந்த மருந்தை எத்தனை நாளைக்கு ஏத்துவீங்க?"

நாள் கணக்கு கிடையாது. இனி வெட்ட ஒன்றும் இல்லை, ஆள் தேறி வருகிறார், காய்ச்சல் விட்டு 2, 3 நாள் ஆகிவிட்டது, இந்த மூன்றும் சேரும்போது நிறுத்துவோம். நடுவில் கல்ச்சர் பதில் வந்தால் மருந்தைச் சுருக்குவோம். கவாத்துக்காரருக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மட்டும் வந்ததால் மெரோபெனத்தை நிறுத்தி, பெனிசிலினும் கிளிண்டமைசினுமாக மாற்றினோம். பிரஷர் நிலைத்து, ஆள் தெளிந்ததும் கிளிண்டமைசினையும் விட்டோம். அது நீண்டால் குடலில் வேறொரு கிருமி தலைதூக்கிக் கடும் வயிற்றோட்டம் வரும். வார்டில் வயிற்றோட்டம் தொடங்கினால் வெட்கப்படாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

"நாங்க இருக்குறது மலை உச்சியில. ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியாலம். எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

முதலில் வலி. காயம் காட்டும் அளவுக்கும் ஆள் படும் வலிக்கும் பொருத்தம் இல்லை என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பாலும் தொட முடியாத வலி, பலகை மாதிரி விறைப்பு, காய்ச்சலோடு மயங்கின மாதிரிப் பேச்சு, இவை இருந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். நீலம், கொப்புளம், தொட்டால் தெரியாமை வரும் வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம். கீறல்தான் என்றில்லை, அட்டை கடித்துச் சொறிந்த இடம், முள் குத்தின இடம், ஊசி போட்ட இடம் எதிலும் தொடங்கும். காயமே தெரியாமலும் வரும்.

வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க அல்ல, வழியில் எவ்வளவு நகர்ந்தது என்று வைத்தியருக்குக் காட்ட. டைக்ளோஃபெனக், ஐபியுபுரோஃபன் மாதிரி வலி மருந்துகளை இந்தச் சந்தேகத்தில் கொடுக்க வேண்டாம். வலியை அடக்கி நம்மை ஏமாற்றிவிடும். பனடோல் போதும்.

1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள், காசு வேண்டாம். ரோட்டுக்கு வண்டி வரும் நேரத்தில் ஆளைக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் முதல் ஊசி போட முடிந்தால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க அங்கே தங்க வேண்டாம். சத்திரசிகிச்சை வைத்தியரும் தியேட்டரும் இருக்கும் ஆஸ்பத்திரிதான் தேவை. ஹட்டன் பக்கம் என்றால் டிக்கோயா அல்லது நுவரெலியா, ஊவாப் பக்கம் என்றால் பதுளை, கீழே கண்டி. போனதும் ஓபிடி வரிசையில் நிற்காமல், "சின்னக் காயம், தாங்க முடியாத வலி, வேகமாப் பரவுது, சீனி இருக்கு" என்று இந்த நான்கையும் சொல்லுங்கள். என்ன மருந்து எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதிய துண்டையும் கொடுங்கள்.

"அந்தக் கவாத்துக்காரர் இப்போ எப்படி இருக்கார்?"

பன்னிரண்டாம் நாள் வலது தொடையிலிருந்து தோல் எடுத்து இடது காலில் ஒட்டினோம். கவாத்துக்கு இனிப் போக முடியாது, சரிவில் நிற்கக் கணுக்கால் மடங்குவதில்லை. தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்திருக்கிறது. போன மாதம் கிளினிக்குக்கு வந்தபோது காற்சட்டையைத் தூக்கிக் காலைக் காட்டினார். தொடையில் நாங்கள் நிறுத்திய கோடு இன்னும் தெரிகிறது.